வேடர் சோளம் போட்டால் காடழிப்பு, கம்பனி போட்டால் அபிவிருத்தி

"அவங்களும் எங்களைப் போல முன்னுக்கு வர வேண்டாமா? எத்தனை நாளைக்குத்தான் காட்டுக்குள்ள கிடக்கிறது?"

இலங்கையின் வேடுவ மக்களைப் பற்றிக் கதை எடுத்தால், கொஞ்ச நேரத்துக்குள் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைப் போட்டுவிடுவார். கேட்பவர் கெட்டவர் இல்லை. நல்ல மனதோடுதான் கேட்கிறார். ஆனால் இந்த நாட்டில் அந்த மக்களின் நிலம் பறிபோன ஒவ்வொரு தடவையும், பறித்தவர்கள் கையில் இருந்ததும் இதே நல்ல மனதுதான். கேள்விக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது: நாங்கள் நிற்கிற இடம் முன், அவர்கள் நிற்கிற இடம் பின். அப்படியானால் அவர்களை அங்கிருந்து கிளப்புவது உதவி. கிளப்பியபின் அந்தக் காணியில் அணை கட்டினால் அது அபிவிருத்தி.

இதை விளங்கிக்கொள்ள இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தன்மயமாக்கல். மற்றது ஒருங்கிணைப்பு. தன்மயமாக்கல் என்றால் ஒரு சிறிய சமூகத்தைப் பெரிய சமூகத்துக்குள் கரைத்துவிடுவது. மொழி போகும், பெயர் போகும், வாழ்கிற முறை போகும், கடைசியில் கணக்கெடுப்பில் இருந்தும் ஆள் போய்விடும். ஒருங்கிணைப்பு என்றால் அந்தச் சமூகம் தன்னுடைய நிலத்தோடும் தன்னுடைய அமைப்போடும் இருந்தபடியே நாட்டின் சம பங்காளியாக வருவது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வாக்குரிமை எல்லாம் கிடைக்கும். அதற்கு விலையாகக் காட்டைக் கொடுக்க வேண்டியதில்லை.

பேச்சில் எல்லா அரசாங்கங்களும் இரண்டாவதைத்தான் சொல்லும். செய்வது முதலாவதை. இது இலங்கையின் தனிக் கெட்டித்தனம் அல்ல. 1957இல் சர்வதேச தொழில் தாபனம் ஆதிக்குடிகளைப் பற்றிக் கொண்டுவந்த 107ஆம் இலக்கச் சமவாயத்தின் தலைப்பிலேயே 'பாதுகாப்பு', 'ஒருங்கிணைப்பு' என்ற இரண்டு சொற்களும் இருந்தன. உள்ளே இருந்த எண்ணமோ, இந்த மக்கள் காலப்போக்கில் பெரும்பான்மைச் சமூகத்துக்குள் சேர்ந்துவிடுவார்கள், அதுவரை கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்பதுதான். அந்தப் பார்வை பிழை என்று ஏற்று, 1989இல் 169ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு நல்ல சொல்லை வைத்து எவ்வளவு காலம் ஏமாற்றலாம் என்பதற்கு அந்த முப்பத்திரண்டு வருடங்கள் போதும். இலங்கை இந்த இரண்டு சமவாயங்களையும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

அதனால் சொல்லை விட்டுவிட்டு நிலத்தைப் பார்ப்போம். யார் எந்தக் காணியில் இருந்தார்கள், அது எப்படிக் கைமாறியது, இப்போது யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில், எந்த அமைச்சரின் பேச்சையும் விட உண்மையானது.

முதலில் சட்டம் வந்தது

வேடுவ மக்களின் காணி அணையோடு பறிபோனதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அதற்கு நூறு வருடங்களுக்கு முன்னரே காகிதத்தில் பறிபோய்விட்டது. 1840இல் ஆங்கிலேயர் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிர் செய்யாத நிலம், இவையெல்லாம் முடிக்குச் சொந்தம் என்றே கொள்ளப்படும். இல்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கோப்பித் தோட்டங்களுக்குக் காணி பிடிப்பதற்காகப் போட்ட சட்டம் அது.

இதை ஒரு வேடுவக் குடும்பத்தின் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். அவர்கள் சேனை வெட்டுவார்கள். ஒரு துண்டுக் காட்டை எரித்து, குரக்கனும் சோளமும் போட்டு, ஓரிரு போகம் எடுத்துவிட்டு, மண் ஆறட்டும் என்று பல வருடங்களுக்கு விட்டுவிடுவார்கள். விட்ட நிலத்தில் திரும்பவும் காடு வளரும். வேறொரு துண்டுக்குப் போவார்கள். தேன் எடுப்பதற்கு ஒரு மலை, வேட்டைக்கு ஒரு பள்ளத்தாக்கு, மீனுக்கு ஒரு ஆறு. எந்தக் காடு எந்த வரிகைக்கு உரியது என்பது அவர்களுக்குத் தெரியும். வரிகை என்றால் குலம். ஊரு வரிகை, மொரானே வரிகை, உனாபானே வரிகை என்று அவர்கள் தங்களைப் பிரித்துச் சொல்வார்கள்.

கச்சேரியில் இருந்து வந்த அளவையாளருக்கு இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆறப்போட்ட சேனை அவருக்குப் 'பயிர் செய்யாத நிலம்'. தேன் எடுக்கும் மலை 'குடியில்லாத காடு'. உறுதி இல்லை, வேலி இல்லை, வரி கட்டிய துண்டு இல்லை. ஆகவே அது அரச காணி. பின்னர் சுதந்திர இலங்கை வந்தபோது வெள்ளைக்காரன் போனான், அந்தக் கணக்குப் போகவில்லை. 'அரச காணியில் அத்துமீறிக் குடியிருப்பவர்கள்' என்ற பெயரோடுதான் வேடுவர்கள் புதிய நாட்டுக்குள் வந்தார்கள். தீவின் மிகப் பழைய குடிகளுக்கு நாங்கள் கொடுத்த முதல் அடையாளம் அது.

பிறகு குளம் வந்தது, குளத்தோடு பூங்கா வந்தது

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்கு அது பட்டிப்பளை ஆறு. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரம் என்ற மாபெரும் நீர்த்தேக்கத்தை உருவாக்கினார்கள். அந்தத் தண்ணீர் நிரம்பிய பள்ளத்தாக்கு, அதைச் சுற்றியிருந்த காடு, குகைகள், சேனைகள் எல்லாம் வேடுவர்கள் உலாவிய இடம். நீர் ஏறியதும் பள்ளம் போனது. மேட்டிலாவது இருக்கலாம் என்றால், 1954இல் அந்த மேட்டையும் கல்லோயா தேசிய பூங்கா என்று அறிவித்தார்கள். காரணம் எளிமையானது. நீர்த்தேக்கத்துக்கு நீர் வடிந்து வருகிற மேட்டுக் காட்டைப் பாதுகாக்காவிட்டால் மண் அரித்து வந்து குளம் தூர்ந்துவிடும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள், ஏனென்றால் முப்பது வருடங்களுக்குப் பின் அதே படம் திரும்ப ஓடியது. முதலில் அணை, அது பள்ளத்தை எடுக்கும். அடுத்தது அணையைக் காப்பாற்றப் பூங்கா, அது மேட்டை எடுக்கும். நடுவில் இருந்த மனிதர்களுக்கு இரண்டு பக்கமும் அடைபட்டுவிடும். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் வனஜீவராசிகள் திணைக்களம்.

1970களின் கடைசியில் துரித மகாவலித் திட்டம் வந்தது. மாதுறு ஓயாவில் அணை கட்டினார்கள். 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 58,850 ஹெக்டேயர், ஏறத்தாழ 145,000 ஏக்கர். நோக்கம் இரண்டு. ஒன்று நீரேந்துப் பகுதியைக் காப்பது. மற்றது மகாவலித் திட்டத்துக்காக அழித்த காடுகளில் இருந்து கலைந்த யானைகளுக்கும் மற்ற மிருகங்களுக்கும் ஒரு புகலிடம் கொடுப்பது.

யானைக்கு இடம் கொடுத்தது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் மேசையில் யானைக்கு ஒரு கணக்கு இருந்தது, வேடருக்கு இருந்த கணக்கு வேறு. யானையின் வாழிடம் போகிறது, ஆகவே அதற்கு இன்னொரு காடு வேண்டும் என்று யோசித்தார்கள். வேடரின் வாழிடமும் அதே காடுதான். அவருக்கு என்ன கொடுத்தார்கள்? மகாவலிக் குடியேற்றக்காரர் எல்லோருக்கும் கொடுத்த அதே அளவு: இரண்டரை ஏக்கர் வயல், அரை ஏக்கர் வீட்டுக்காணி. தம்பானைப் பக்கக் காட்டில் இருந்தவர்கள் ஹேனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பூங்காவுக்குள் வேட்டையாடுவது, தேன் எடுப்பது, சேனை வெட்டுவது, அனுமதியில்லாமல் உள்ளே போவது எல்லாமே 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பாட்டன் காலத்தில் இருந்து செய்துவந்த வேலை, ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு களவாகிவிட்டது.

ஊரு வரிகே திசாஹாமி என்ற தம்பானைத் தலைவர் போக மறுத்தார். சில குடும்பங்களோடு அங்கேயே இருந்துகொண்டார். 1998இல் இறக்கும் வரை அவருடைய நிலைப்பாடு மாறவில்லை. அவருக்குப் பின் தலைவரான அவருடைய மகன் வன்னிலஎத்தோ, 1990களில் ஜெனீவாவுக்குப் போய் ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் பணிக்குழுவில் இந்தக் கதையைச் சொன்னார். மஹியங்கனையில் கேட்காத கதையை ஜெனீவாவில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டரை ஏக்கரில் என்ன குறை?

"சும்மா துரத்தவில்லையே, காணி கொடுத்தாங்கள்தானே" எண்டு கேட்பவர்களுக்கு விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும்.

வயல் என்பது காணி மட்டுமல்ல, அது ஒரு வாழ்க்கை முறை. தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பதை அதிகாரி முடிவு செய்வார். விதைநெல், பசளை, கிருமிநாசினி, உழவு எல்லாவற்றுக்கும் முதலிலே காசு வேண்டும். அறுவடை முடிந்தபிறகுதான் காசு வரும். காட்டில் இருந்தவனுக்கு இன்று தேன் இல்லையென்றால் கிழங்கு இருக்கும், கிழங்கு இல்லையென்றால் மீன் இருக்கும். வயலில் இருப்பவனுக்கு ஒரு போகம் பிழைத்தால் கடன்தான் இருக்கும். தலைமுறையாக நெல் விதைத்த விவசாயியே தடுமாறுகிற கணக்கு இது. வேட்டையும் சேனையும் தெரிந்த ஒருவரை அதற்குள் தள்ளிவிட்டு, அவர் தோற்றால் "சோம்பேறி, பழக்கமில்லை" என்று சொல்வது எந்த நியாயம்?

அதைவிடப் பெரிய குறை அடுத்த தலைமுறையில் தெரியும். இப்படி அரசு கொடுக்கும் காணிகளைத் துண்டு போட முடியாது. காணி அபிவிருத்திச் சட்டத்தின் முறைப்படி ஒரே ஒரு பின்னுரித்தாளரின் பெயரைத்தான் எழுதலாம். ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்குக் காணி, மூன்று பிள்ளைகள் கூலிக்கு. காட்டில் அப்படியில்லை. அங்கே காணி குடும்பத்தின் சொத்து அல்ல, வரிகையின் உரிமை. எத்தனை பிள்ளை பிறந்தாலும் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. கூட்டு உரிமையை எடுத்துக்கொண்டு தனித்தனிப் பெர்மிட்டைக் கொடுத்ததில்தான் சமூகம் உடைந்தது. அவர்கள் இழந்ததை ஏக்கரில் அளந்தால் இது கணக்கில் வரவே வராது.

இன்னொன்று: எல்லோரும் கட்டாயத்தில் போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சில இளம் குடும்பங்கள் விரும்பியே போயிருப்பார்கள். பிள்ளை படிக்க வேண்டும், வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் பள்ளிக்கூடமும் கரண்டும் ஆஸ்பத்திரியும் இந்த நாட்டில் எல்லாப் பிரசைக்கும் கிடைக்க வேண்டியவை. கொழும்பு ஏழில் இருப்பவரிடம், "உன்னுடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தருகிறோம், வீட்டை எழுதித் தா" என்று யாராவது கேட்பார்களா? வேடரிடம் மட்டும் கேட்கலாம். ஏனென்றால் அவருக்குக் கிடைப்பதை உரிமை என்று நாங்கள் நினைப்பதில்லை, உபகாரம் என்று நினைக்கிறோம்.

காடு அழியாமல் இருக்க வேண்டாமா என்பதும் நியாயமான கேள்விதான். வேடர்களும் இன்று வில்லோடு மட்டும் இல்லை, துவக்கும் இருக்கிறது. காடு சுருங்கிவிட்டது, ஆட்கள் கூடிவிட்டார்கள். எவ்வளவு வேட்டை, எந்தக் காலத்தில், எந்த இடத்தில் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு தேவைப்படலாம். ஆனால் அதை அந்தக் காட்டை அறிந்தவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம். அவர்களை வெளியே தள்ளி வேலி போட்டால்தான் காடு பிழைக்கும் என்ற வாதத்தை, மகாவலிக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டை டோசர் வைத்துத் தள்ளிய அதே அரசாங்கம் சொன்னது என்பதை மறக்கக் கூடாது.

இது பழைய கதை என்று நினைத்தால் 2020க்கு வாருங்கள். அம்பாறை மாவட்டத்தின் பொல்லெபெத்த ஒரு ஆதிவாசிக் கிராமம். அதன் பக்கத்தில் றம்பக்கன் ஓயாப் பகுதியில், மகாவலி அதிகார சபையின் பொறுப்பில் இருந்த காட்டுநிலத்தைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். எதற்கு? கம்பனிகள் சோளம் போடுவதற்கு. தங்கள் பாரம்பரியக் காடு அழிகிறது என்று சொல்லி வன்னிலஎத்தோவும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சேனையில் வேடர் போட்டுவந்ததும் சோளம்தான். அவர் போட்டால் காடழிப்பு, நீரேந்துப் பகுதிக்கு ஆபத்து, வழக்கு, சிறை. கம்பனி போட்டால் உணவு உற்பத்தி. மண்ணும் ஒன்று, பயிரும் ஒன்று, ஆள்தான் வேறு.

பேனையால் அழித்த சனம்

நிலம் போனபிறகு பெயர் எப்படிப் போகும் என்பதற்குக் குடிசன மதிப்பீடே சாட்சி. 1911இல் சுமார் 5,300 பேர் வேடர் என்று பதியப்பட்டார்கள். 1946இல் அது சுமார் 2,300. 1963இல் 400. இந்த வீழ்ச்சியை நோயாலும் சாவாலும் மட்டும் விளக்க முடியாது. ஆட்கள் இருந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், வாழ்ந்தார்கள். ஆனால் சிங்களப் பகுதியில் இருந்தவர் சிங்களவர் என்றும் தமிழ்ப் பகுதியில் இருந்தவர் தமிழர் என்றும் எழுதப்பட்டார்கள். அதற்குப்பின் வந்த மதிப்பீடுகளில் அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். தன்மயமாக்கலுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது: ஒருவரையும் கொல்லாமல் ஒரு இனத்தை இல்லாமல் செய்வது.

இதற்கு உதவியாக ஒரு தந்திரமும் இருக்கிறது. 'தூய வேடர்' என்ற தந்திரம். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றித் தங்கள் பெரிய நூலை வெளியிட்ட காலத்திலேயே, கலப்பில்லாத வேடர்கள் அருகிவிட்டார்கள் என்ற புலம்பல் இருந்தது. இன்றைக்கும் அதைத்தான் சொல்லுறம். தோளில் கோடரி இருந்தால்தான் வேடர். கையில் போன் இருந்தால், ஜீன்ஸ் போட்டால், "இவன் என்ன வேடன், எங்களைப் போலத்தானே இருக்கிறான்" என்கிறோம். மாறாமல் இருந்தால் பிற்போக்கு, மாற்ற வேண்டும். மாறினால் போலி, உரிமை கேட்கக் கூடாது. எப்படி இருந்தாலும் காணி கிடையாது. தமிழன் கோட் சூட் போட்டாலும் தமிழன்தான், கனடாவில் பிறந்தாலும் தமிழன்தான். வேடருக்கு மட்டும் ஏன் இந்தப் பரீட்சை?

தம்பானைக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். வில்லும் அம்பும் காட்டுவார்கள், ஆட்டம் ஆடிக் காட்டுவார்கள், தேன் விற்பார்கள். ஆடுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன், காடு போனால் வயிற்றுக்கு வேறு என்ன வழி? ஆனால் அரசாங்கத்துக்கு இது வசதி. பண்பாட்டை மேடையில் வைத்துக் கைதட்டலாம், காணியைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. அரும்பொருட்காட்சியும் தன்மயமாக்கலும் எதிரிகள் இல்லை. நிலத்தை எடுத்துவிட்டு நடனத்தை மட்டும் வைத்துக்கொள்வது, இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை.

எங்கள் பக்கக் கணக்கு

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "பார்த்தியா, சிங்கள அரசாங்கம் என்ன செய்திருக்கு" எண்டு மட்டும் முடிவெடுத்தால் அது அரைக் கணக்கு.

கல்லோயா என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது சிங்களக் குடியேற்றமும் 1956 கலவரமும். மகாவலி என்றதும் முல்லைத்தீவில் 'எல்' வலயத்துக்கு எதிராக நடந்த போராட்டங்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எங்கள் மேடைகளில் கல்லோயாவைப் பற்றிப் பேசியபோது, அந்த நீருக்கு அடியில் போன நிலத்தில் தமிழரும் அல்லாத சிங்களவரும் அல்லாத ஒரு சனம் இருந்தது என்று எத்தனை பேர் சொன்னார்கள்? எங்கள் வரைபடத்திலும் அந்தக் காடு 'குடியில்லாத நிலம்'தான். 1840இல் வெள்ளைக்காரன் போட்ட கணக்கை நாங்களும் தமிழில் போட்டிருக்கிறோம்.

கிழக்குக் கரையில் வாகரை, மூதூர் கிழக்குப் பக்கம் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள். குளத்திலும் களப்பிலும் கடலிலும் மீன் பிடிக்கிறார்கள், காட்டில் தேன் எடுக்கிறார்கள், சேனை செய்கிறார்கள். அவர்களுக்கென்று சடங்குகள் உண்டு, முன்னோரை அழைக்கும் முறை உண்டு. 2006, 2007இல் வாகரைப் போர் வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் அவர்கள் இலங்கைத் தமிழர். அடிபடும்போது தமிழர் என்று எண்ணப்படுவார்கள். கோயில் மரியாதையிலும் கல்யாணப் பேச்சிலும் வேடர் என்று ஒதுக்கப்படுவார்கள். எண்ணிக்கைக்குச் சேர்ப்பதும் பந்தியில் தள்ளி வைப்பதும் ஒரே கையால் நடக்கிறது. இதற்கும் தன்மயமாக்கல் என்றுதான் பெயர், தமிழில் நடந்தாலும்.

வள்ளியை வேடுவர் மகள் என்று சொல்லிக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறோம். வள்ளியின் சனம் வேட்டையாடிய காட்டுக்கு என்ன நடந்தது என்று போகிற வழியில் கேட்பதில்லை.

அண்மைக் காலத்தில் வாகரையில் இல்மனைட் அகழ்வுக்கும் இறால் பண்ணைக்கும் எதிராகச் சனம் தெருவில் இறங்கியது. நல்ல போராட்டங்கள். ஆனால் களப்பும் கரையும் போனால் முதலில் அடிபடப் போகிறவர்களில் கரையோர வேடர்களும் அடக்கம். அவர்கள் 'பாதிக்கப்பட்ட தமிழ் மக்கள்' என்ற ஒற்றை வரிக்குள் வராமல், தங்கள் பெயரிலேயே, தங்கள் வாயாலேயே பேசுவதற்கு அந்த மேடைகளில் இடம் இருக்க வேண்டும். 'ஒற்றுமை உடைந்துவிடும்' என்று அதைத் தள்ளிப்போடுபவர்கள், கொழும்பு எங்களிடம் சொல்கிற அதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்.

'இல்லை' என்று சொல்லும் உரிமை

அப்படியென்றால் ஒருங்கிணைப்பு நடைமுறையில் எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் பக்கத்து நாட்டில் இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் டோங்ரியா கோந்த் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மலைக்கு உள்ளே பொக்சைட். வேதாந்தா நிறுவனத்துக்காக அதைத் தோண்டத் திட்டம் போட்டார்கள். இந்தியாவில் 2006இல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் சமூகங்களின் கூட்டு உரிமையை ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சட்டத்தை வைத்து 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளிடம் கேளுங்கள் என்றது. அந்த வருடமே 12 கிராம சபைகள் கூடின. 12ம் வேண்டாம் என்றன. சுரங்கம் நின்றது.

இந்தியாவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அணைக்கும் சுரங்கத்துக்கும் பழங்குடிகளை அதிகமாக விரட்டிய நாடுகளில் அதுவும் ஒன்று. நர்மதையைக் கேட்டால் தெரியும். ஆனால் நியம்கிரி ஒரு விஷயத்தைக் காட்டியது. அந்த மக்கள் மலையை விட்டு வெளியே வந்து எங்களைப் போல ஆனபிறகு உரிமை கேட்கவில்லை. மலையில் இருந்தபடியே, தங்கள் மொழியில், தங்கள் சபையில் நாட்டின் சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். ஒருங்கிணைப்பு என்பது அதுதான். 'ஓம்' என்று சொல்ல மட்டும் அழைப்பது ஆலோசனைக் கூட்டம். 'இல்லை' என்று சொன்னாலும் செல்லுபடியாகும் என்றால்தான் அது உரிமை.

இலங்கையில் இதற்கு ஈடான சட்டம் ஒன்றும் இல்லை. 2007இல் ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஆதிக்குடிகளை அவர்களுடைய நிலத்தில் இருந்து பலவந்தமாக அகற்றக் கூடாது, முன்கூட்டியே விளக்கிச் சொல்லி அவர்கள் சுதந்திரமாகச் சம்மதித்தால் மட்டுமே இடமாற்றலாம் என்று அதன் பத்தாவது உறுப்புரை சொல்கிறது. நியூயோர்க்கில் கை உயர்த்திய அரசு, ஊரில் அதே மக்களின் காட்டுக்குள் டோசரை விட்டது.

கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் இல்லை. வேடுவச் சமூகங்களின் கூட்டுக் காணி உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டும். குடிசன மதிப்பீட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் விரும்பியவர் வேடர் என்று பதியக்கூடியதாக இருக்க வேண்டும், கிழக்கிலும் சேர்த்து. பூங்காக்களின் நிர்வாகத்தில் அந்தக் காட்டின் குடிகளுக்கு வழிகாட்டி வேலை மட்டுமல்ல, முடிவெடுக்கும் இடமும் வேண்டும். சம்மதம் இல்லாமல் அவர்கள் நிலத்தில் எந்தத் திட்டமும் தொடங்கக் கூடாது, அது அரசின் அணையாக இருந்தாலும், கம்பனியின் சோளமாக இருந்தாலும், தமிழ் அரசியல்வாதி நாடா வெட்டித் திறக்கும் திட்டமாக இருந்தாலும்.

அடுத்த தடவை யாராவது "அவங்களும் முன்னுக்கு வர வேண்டாமா" எண்டு கேட்டால், திருப்பி ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அவர்கள் முன்னுக்கு வந்தபிறகு அந்தக் காணி யாரிடம் இருக்கும்?